வெற்றிலை பாக்கு போடும் பழக்கம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே பேசுவது வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு மூன்றும் சேர்ந்த சாதாரணத் தாம்பூலத்தைப் பற்றி. புகையிலை சேரும்போது என்ன மாறுகிறது என்பதை வேண்டிய இடங்களில் மட்டும் சொல்லியிருக்கிறோம். வாய்ப் பரிசோதனைக்கு வருகிறவர்களும் அவர்களை அழைத்து வருகிற வீட்டாரும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை அவர்கள் கேட்டபடியே எழுதி, எளிதானவற்றை முன்னால் வைத்திருக்கிறோம்.

1. வெத்தலை போட்ட கொஞ்ச நேரத்துல உடம்பு சூடாகி தலை லேசா கிறங்குதே, அது வெத்தலையாலயா, பாக்காலயா?

பாக்கால். வெற்றிலையின் காரமும் மணமும் நாக்கில் உடனே தெரிவதால் எல்லாப் பெயரும் அதற்குப் போய்விடுகிறது. உடம்பைச் சூடாக்குவதும் நெற்றியில் வியர்வை துளிர்க்க வைப்பதும் பாக்கில் இருக்கும் அரிக்கோலின் என்ற காரப்பொருள்தான். உலர்ந்த பாக்கில் அது ஆயிரத்தில் ஒரு பங்கிலிருந்து ஆறேழு பங்கு வரை இருக்கும். மரத்துக்கு மரம், காய் பறித்த பருவத்துக்குப் பருவம் இந்த அளவு மாறும்.

மெல்ல ஆரம்பித்த இரண்டு நிமிடத்துக்குள் நாடித்துடிப்பு ஏறத் தொடங்கும். நாலு முதல் ஆறு நிமிடத்தில் உச்சத்துக்குப் போகும். பதினைந்து, இருபது நிமிடத்தில் அடங்கிவிடும். இந்தச் சின்னக் கணக்கை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பழக்கம் பற்றிய ஏழாவது கேள்விக்கு இதுதான் பாதிப் பதில்.

2. வாய் சிவக்குறது எதனால? நல்லா சிவந்தா நல்ல பாக்குன்னு சொல்றாங்களே?

பாக்கில் துவர்ப்பைத் தரும் பொருள்கள் நிறைய உண்டு. சுண்ணாம்பின் காரத்தன்மையில் அவை காற்றோடு சேர்ந்து மாறிச் சிவப்பாகின்றன. ஒரு துண்டுப் பாக்கை மட்டும் மென்று துப்பிப் பாருங்கள், வெளிறிய பழுப்பாகத்தான் இருக்கும். அதோடு ஒரு விரல்நுனிச் சுண்ணாம்பைச் சேர்த்தால் ஒரு நிமிடத்துக்குள் எச்சில் செங்கல் நிறத்துக்கு வந்துவிடும். வெற்றிலைக்கு இதில் பெரிய பங்கு கிடையாது.

நல்ல சிவப்பு என்றால் துவர்ப்பும் சுண்ணாம்பும் தாராளமாகச் சேர்ந்திருக்கின்றன என்று அர்த்தம். அது பாக்கின் தரத்துக்குச் சான்றிதழ் இல்லை. இந்தச் சிவப்பு பிறக்கும் வேதிமாற்றத்தின்போது வேறு சிலவும் பிறக்கின்றன, அதைப் பத்தாவது கேள்வியில் பார்ப்போம்.

3. சுண்ணாம்பு தடவ மறந்துட்டா எவ்வளவு மென்னாலும் சப்புன்னு இருக்கு. சுண்ணாம்புல போதை இருக்கா?

சுண்ணாம்பில் போதை இல்லை. பாக்கில் இருப்பதை உள்ளே ஏற்றிவிடும் வேலையை அது செய்கிறது. சாதாரண எச்சிலில் அரிக்கோலின் பெரும்பாலும் மின்னேற்றம் பெற்ற வடிவில் இருக்கும். அந்த வடிவம் கன்னத்தின் உட்தோலைச் சுலபமாகத் தாண்டாது. சுண்ணாம்பு சேர்ந்து எச்சில் காரமானதும் மின்னேற்றம் கழன்ற வடிவம் அதிகமாகிறது, அது கன்னத்துத் தோல் வழியாக நேரே இரத்தத்துக்குப் போய்விடும். வயிற்றுக்குப் போய், ஈரலைக் கடந்து வரவேண்டிய சுற்றுவழி அதற்குத் தேவையில்லை. இரண்டே நிமிடத்தில் 'ஏறுவது' இதனால்தான்.

சுண்ணாம்பு இன்னொன்றும் செய்கிறது. அரிக்கோலினில் ஒரு பகுதியை உடைத்து அரிக்கைடின் என்ற பொருளாக மாற்றுகிறது. மூளையில் நரம்புகளை அமைதிப்படுத்தும் ஒரு வேதிப்பொருள் உண்டு. வேலை முடிந்ததும் அது திரும்ப உறிஞ்சிக்கொள்ளப்படும். அரிக்கைடின் அந்த உறிஞ்சலைத் தடுக்கிறது என்று ஆய்வகச் சோதனைகளில் கண்டிருக்கிறார்கள். ஒரே சமயத்தில் சுறுசுறுப்பும் ஒரு நிதானமும் வருவதாகப் போடுகிறவர்கள் சொல்வதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

புகையிலை சேர்த்துப் போடுகிறவர்களுக்கும் இதே கதைதான். நிக்கோட்டினையும் சுண்ணாம்பு இதே மாதிரி வேகமாக உள்ளே ஏற்றிவிடும். சுண்ணாம்பு கொஞ்சம் கூடிப்போனால் வாய் வெந்துபோவது எல்லோருக்கும் தெரியும். அந்தத் தோல் ஆறுவதற்குள் அடுத்த தடவை போட்டுவிடுவார்கள் என்பதுதான் தொல்லை.

4. பச்சைப் பாக்கு, கொட்டைப்பாக்கு, களிப்பாக்கு, சீவல்... இதுல எது கெடுதல் கம்மி?

அளவில் வித்தியாசம் உண்டு. ஆனால் அதை நம்பிப் பழக்கத்தைத் தொடரும் அளவுக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. ஊறவைக்கும்போதும் வேகவைக்கும்போதும் அரிக்கோலினும் துவர்ப்பும் ஓரளவு நீரில் இறங்கிவிடும். ஆனால் களிப்பாக்கில் முன்பு வேகவைத்த நீரைச் சுண்டவைத்த களியையே திரும்பப் பூசிக் காயவைக்கிறார்கள், இறங்கியதில் ஒரு பகுதி மறுபடியும் மேலே ஏறிக்கொள்கிறது. பச்சைப் பாக்கும் காயாத இளம்பாக்கும் பழக்கமில்லாதவர்களைச் சட்டென்று தூக்கிப் போடும்.

சீவலைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. மெல்லிசாகச் சீவியதால் எச்சில் படும் பரப்பு அதிகம், சாறு சீக்கிரம் இறங்கும். நெய்யும் ஏலமும் சேர்ந்த வாசனைச் சீவலும், குழந்தைகள் கைக்கு எட்டும்படி பெட்டிக்கடையில் தொங்கும் இனிப்புப் பாக்குப் பொட்டலமும் பாக்குதான். இனிப்பு துவர்ப்பை மறைத்துவிடுவதால் பாதிப் பொட்டலம் தெரியாமலே உள்ளே போய்விடும்.

5. முதல் தடவை போட்டப்ப வேர்த்துக் கொட்டி, நெஞ்சை அடைச்சு, தலை சுத்திச்சு. இப்ப ஒண்ணும் ஆகறதில்ல. உடம்பு ஏத்துக்கிச்சா?

உடம்பு பழகிக்கொண்டது, அவ்வளவுதான். ஒரே அளவுக்கு முன்பு போல் எதிர்வினை காட்டுவதை நரம்புகள் நிறுத்திவிடுகின்றன. பழைய 'ஏற்றம்' வேண்டும் என்று எண்ணிக்கை கூடுகிறது. காலையில் ஒன்று என்று இருந்தது சாப்பாட்டுக்குப் பின் ஒவ்வொன்று என்றாகி, அப்புறம் மணிக்கு ஒன்றாகிறது. தலை சுற்றாததால் கன்னத்துக்கு ஆபத்து குறைந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். மூளை பழகிக்கொள்ளும், கன்னத்தின் தோல் பழகிக்கொள்வதில்லை.

புதிதாகப் போட்டு யாருக்காவது அப்படி அடைத்தால் உடனே துப்பச் சொல்லுங்கள். வாயை இரண்டு மூன்று முறை கொப்பளிக்க வைத்து, காற்றோட்டமாக உட்கார வையுங்கள். அரை மணி நேரத்தில் தெளிந்துவிடும். நெஞ்சுவலி, மூச்சு இழுப்பு, மயங்கி விழுதல் என்று ஏதாவது இருந்தால் 'பாக்குதானே' என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். இதய நோய் உள்ளவர்களுக்கு இது உண்மையிலேயே ஆபத்தாகலாம்.

6. சாப்பாட்டுக்கு அப்புறம் போட்டா ஜீரணமாகும்னு பெரியவங்க சொன்னது பொய்யா?

முழுப் பொய் இல்லை. அரிக்கோலின் எச்சில் சுரப்பிகளைத் தூண்டும், குடலின் அசைவையும் கூட்டும். இந்த வேகம் எவ்வளவு என்றால், நாய்களுக்கு நாடாப்புழு வெளியேற முன்பு அரிக்கோலினையே பேதிமருந்தாகக் கொடுத்து வந்தார்கள். விருந்துச் சாப்பாட்டுக்குப் பின் வயிறு லேசானது போல் தோன்றுவதற்கு இதுவே காரணம்.

ஆனால் தினமும் வெளியிலிருந்து ஒரு தள்ளு கிடைத்துக்கொண்டிருந்தால் குடல் அதையே எதிர்பார்க்க ஆரம்பித்துவிடும். 'காலையில் ஒண்ணு போடாட்டி வெளிக்கு வராது' என்று பலர் சொல்வது இதுதான். அது ஜீரணக் கோளாறு இல்லை, பழக்கத்தின் ஒரு முகம். பசியும் கொஞ்சம் மந்தமாகும். மதியச் சாப்பாடு தள்ளிப்போகும் வேலைகளில், நீண்ட தூரம் வண்டி ஓட்டுகிறவர்களிடம் இது வேரூன்றுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

7. நான் புகையிலை சேர்க்கறதே இல்ல. வெறும் பாக்குக்கு எப்படி அடிமை ஆவாங்க?

நிக்கோட்டின் மூளையில் சில குறிப்பிட்ட ஏற்பிகளில் போய் ஒட்டித்தான் தன் வேலையைக் காட்டுகிறது. அதே ஏற்பிகளில் அரிக்கோலினும் ஓரளவு ஒட்டிக்கொள்கிறது என்று 2015-இல் வெளியான ஆய்வு காட்டியது. நிக்கோட்டின் அளவுக்குப் பலமாக அது தூண்டுவதில்லை, ஆனால் தினமும் பத்துத் தடவை தூண்டினால் போதும். ஆகவே புகையிலை இல்லாவிட்டாலும் பூட்டு அதேதான், சாவி மட்டும் வேறு. புகையிலையும் சேர்ந்தால் இரண்டு சாவியையும் ஒரே பூட்டில் திருப்புகிறீர்கள்.

இதோடு முதல் கேள்வியில் சொன்ன நேரக் கணக்கைச் சேர்த்துப் பாருங்கள். இரண்டு நிமிடத்தில் பலன், பதினைந்து இருபது நிமிடத்தில் முடிவு. செய்த காரியத்துக்கும் கிடைத்த பலனுக்கும் இடைவெளி எவ்வளவு குறைவோ அவ்வளவு ஆழமாக மூளை அதைப் பதிந்துகொள்ளும். பலன் சீக்கிரம் முடிந்தால் அடுத்ததற்கான நேரமும் சீக்கிரம் வந்துவிடும். மாலை வரை தாங்கும் ஒன்றாக இருந்தால் ஒரு நாளைக்கு ஒரு பதிவுதான் விழும். தாம்பூலத்தில் எட்டு, பத்து என்று விழுகிறது.

பாக்குக்கே உரிய இன்னொரு சங்கதியும் இருக்கிறது, கைவேலை. செல்லத்தைத் திறப்பது, வெற்றிலையைத் துடைத்துக் காம்பு கிள்ளுவது, முதுகில் சுண்ணாம்பு தடவுவது, பாக்குவெட்டியில் பாக்கு நறுக்கென்று உடையும் சத்தம், மடித்து வாயில் வைப்பது. வருஷக்கணக்கில் இந்த வரிசைக்குப் பிறகு பலன் வந்துகொண்டே இருந்ததால், பாக்குவெட்டிச் சத்தம் கேட்டாலே வாயில் எச்சில் ஊறும். விட்டு ஆறு மாதம் ஆனவர்களும் கல்யாண வீட்டுத் தாம்பூலத் தட்டின் முன் தடுமாறுவது இதனால்தான்.

8. நான் அடிமையா, இல்ல சும்மா பழக்கமான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?

எண்ணிக்கையை விட நேரம்தான் நன்றாகக் காட்டிக்கொடுக்கும். எழுந்து அரை மணி நேரத்துக்குள், பல் துலக்கிய கையோடு முதல் வெற்றிலை தேடுகிறீர்களா? பாக்கு தீர்ந்துபோனால் இரவு ஒன்பது மணிக்கும் கடைக்குப் போவீர்களா? வாயில் புண் இருக்கும்போதும் மறுபக்கக் கன்னத்தில் ஒதுக்கிப் போடுகிறீர்களா? தூங்கும்போதும் கன்னத்தில் அடக்கிக்கொண்டு படுக்கிறீர்களா? இதில் இரண்டுக்கு ஆம் என்றாலே சும்மா பழக்கம் என்று சொல்ல முடியாது.

சந்தேகமாக இருந்தால் ஒரு நாள் முழுக்க நிறுத்திப் பாருங்கள். எரிச்சல், சின்ன விஷயத்துக்குக் கோபம், கவனம் நிற்காமல் போவது, வாய்க்கு ஏதாவது வேண்டும் என்ற தவிப்பு, இரவு தூக்கம் கெடுவது. இவை வந்தால் சந்தேகம் தீர்ந்தது.

9. புகையிலை சேர்த்தாத்தான் புற்றுநோய், வெறும் பாக்கு ஒண்ணும் செய்யாதுன்னு எங்க ஊர்ல எல்லாரும் சொல்றாங்க.

ஒரு காலத்தில் அறிவியலும் ஏறக்குறைய அப்படித்தான் சொன்னது. உலக சுகாதார அமைப்பின் கீழ் இயங்கும் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1985-இல் புகையிலை சேர்த்த தாம்பூலத்தை மட்டும் உறுதியான புற்றுநோய்க் காரணி என்று சொன்னது. புகையிலை இல்லாததைப் பற்றி முடிவு சொல்லும் அளவுக்கு அப்போது சான்று போதவில்லை. புகையிலை சேர்க்காமலே மெல்லும் வழக்கமுள்ள தைவான் போன்ற இடங்களிலிருந்து ஆய்வுகள் சேர்ந்த பிறகு கணக்கு மாறியது. 2004-இல் வெளியான அறிக்கையில் புகையிலை இல்லாத தாம்பூலத்தையும், தனியாகப் பாக்கையும் அதே முதல் பிரிவில் வைத்தார்கள். அந்த முதல் பிரிவில்தான் சிகரெட் புகையும் இருக்கிறது.

அதனால் 2004-க்கு முன் கற்றுக்கொண்டதையே ஊர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். புகையிலை சேர்ந்தால் ஆபத்து இன்னும் ஏறும் என்பது அப்போதும் உண்மை, இப்போதும் உண்மை.

10. இயற்கையா மரத்துல காய்க்கறதுதானே, அது எப்படிப் புற்றுநோய் உண்டாக்கும்?

மூன்று வழிகள் தெளிவாகத் தெரியும். நம் எச்சிலிலேயே நைட்ரைட் கொஞ்சம் உண்டு. பாக்கின் காரப்பொருள்கள் வாயிலேயே அதோடு சேர்ந்து நைட்ரோசமின் வகைப் பொருள்களாகின்றன. அவற்றில் சில விலங்குகளுக்குப் புற்றை உண்டாக்குபவை. இரண்டாவது, சிவப்பு பிறக்கும் அந்த வேதிமாற்றம். துவர்ப்புப் பொருள் சுண்ணாம்பில் மாறும்போது செல்களின் மரபுப்பொருளைத் தாக்கும் வீரியமான ஆக்ஸிஜன் துகள்கள் உண்டாகின்றன. சுண்ணாம்பு கூடினால் இதுவும் கூடும். மூன்றாவது வெறும் உரசல். கரடுமுரடான நாரும் கல் போன்ற துண்டும் ஒரே இடத்தில் வருஷக்கணக்கில் தேய்க்கின்றன, தேய்ந்த இடத்தில் செல்கள் ஓயாமல் புதிதாகப் பிரிய வேண்டியிருக்கிறது.

புற்று பெரும்பாலும் எங்கே வருகிறது என்று பார்த்தால் இது புரியும். எந்தப் பக்கம் ஒதுக்கி வைக்கிறார்களோ அந்தக் கன்னத்திலும், கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவிலுள்ள பள்ளத்திலும்தான் அதிகம் வருகிறது.

11. கொஞ்ச நாளா காரம் பட்டா வாய் எரியுது, கொட்டாவி விட்டா வாய் முழுசாத் திறக்கல. பல் கோளாறா?

பாக்கு போடுகிறவர் என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது வாய் இறுகல் நோய், அதாவது வாயின் உட்தோலுக்கு அடியில் நார் படிந்து இறுகுவது. கென்யாவில் வாழ்ந்த இந்தியப் பெண்கள் ஐந்து பேரிடம் இதைக் கண்டு 1952-இல் முதலில் எழுதினார்கள். இந்த நோய்க்குக் காரணம் பாக்கு. சுண்ணாம்பு இல்லாமல் சீவலோ இனிப்புப் பாக்கோ மட்டும் மெல்லுகிறவர்களுக்கும் வரும். காய்ந்த பொட்டலப் பாக்கில் இது சில வருஷங்களிலேயே, பள்ளி, கல்லூரி வயதுப் பிள்ளைகளுக்குக்கூட வந்துவிடுகிறது.

நடப்பது இது. தோலுக்கு அடியில் கொலாஜன் என்ற நார்ப்பொருளை நெய்யும் செல்களை அரிக்கோலின் தூண்டுகிறது. பாக்கில் தாமிரம் அதிகம். நார்களை ஒன்றோடொன்று பின்னி இறுக்கும் நொதிக்குத் தாமிரம் வேண்டும், அதன் வேலையும் கூடிவிடுகிறது. பழைய நாரைக் கரைத்து அப்புறப்படுத்தும் இன்னொரு நொதியிடமிருந்து பாக்கின் துவர்ப்பு அந்த நாரைக் காப்பாற்றிவிடுகிறது. தோலைப் பதனிடத் துவர்ப்பைச் சேர்ப்பார்கள் இல்லையா, கன்னத்துக்குள்ளும் ஏறக்குறைய அதுதான் நடக்கிறது. புதிய நார் வந்துகொண்டே இருக்கிறது, பழையது போக மாட்டேன் என்கிறது. இரத்தக் குழாய்கள் நெருக்கப்படுவதால் கன்னத்தின் உட்புறம் பளிங்கு போல் வெளுக்கும்.

எரிச்சல் முதலில் வரும், இறுக்கம் பின்னால் வரும். எரிச்சலோடு வருகிறவர்களைக் காரத்தைக் குறைக்கச் சொல்லியும், சத்து மாத்திரை கொடுத்தும் அனுப்பிவிடுவது நடக்கிறது. பாக்கு போடுவதை நீங்களாகவே சொல்லிவிடுங்கள், பலர் கேட்பதில்லை.

12. இறுக்கம் இருக்கான்னு வீட்டுலயே பாத்துக்க முடியுமா?

முடியும். உங்கள் ஆள்காட்டி, நடு, மோதிர விரல்கள் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் செங்குத்தாக வைத்து, மேல் முன்பல்லுக்கும் கீழ் முன்பல்லுக்கும் இடையில் நுழையுங்கள். தடையில்லாமல் நுழைந்தால் நல்லது. இரண்டு விரல்தான் நுழைகிறது என்றால் மருத்துவரைப் பார்க்க வேண்டிய கட்டம். சரியான அளவு வேண்டுமானால் பிளாஸ்டிக் ஸ்கேலைப் பல் நுனிகளுக்கு இடையில் வைத்து மில்லிமீட்டரில் படியுங்கள். வளர்ந்தவர்களுக்கு 35-க்கு மேல் இருக்க வேண்டும். காலண்டரில் தேதியோடு எழுதி வையுங்கள், மூன்று மாதத்தில் 38 என்பது 34 ஆனால் அந்த நாலு மில்லிமீட்டரே செய்தி.

அப்புறம் கண்ணாடி முன் ஜன்னல் வெளிச்சத்தில் நின்று கன்னத்தை விரலால் வெளியே இழுத்துப் பாருங்கள். இளஞ்சிவப்பாக ஈரமாக இருக்க வேண்டிய இடம் வெளிறியிருக்கிறதா? ஆள்காட்டி விரலை உள்ளே விட்டு மேலும் கீழுமாகத் தடவினால் கயிறு போல் பட்டை தட்டுப்படுகிறதா? நாக்கை முழுசாக நீட்ட முடிகிறதா? கன்னத்தை ஊதி உப்ப வைக்க முடிகிறதா? விசில் வராமல் போவதும் ஒரு அறிகுறி.

13. கன்னத்துல செம்பழுப்பா ஏதோ படிஞ்சிருக்கு. சுரண்டினா வருது. பயப்படணுமா?

சுரண்டினால் வருவது பெரும்பாலும் தாம்பூலச் சாயமும் உரிந்த தோலும் சேர்ந்த படிவு. சில வாரம் நிறுத்தினால் போய்விடும். பயப்பட வேண்டியவை வேறு. துணியால் அழுத்தித் துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, வெல்வெட் மாதிரி சிவந்த திட்டு, இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண், காரணமில்லாமல் ஆடும் பல், கழுத்தில் கெட்டியான கட்டி, ஒரு பக்கக் காதில் மட்டும் வலி. வலிக்கவில்லை என்று தள்ளிப்போடாதீர்கள், ஆரம்பத்தில் இவை அநேகமாக வலிப்பதில்லை.

அரசு பல் மருத்துவக் கல்லூரிகளில் இதற்கென்றே வாய்நோய்ப் பிரிவு உண்டு. திட்டின் ஓரத்தில் சிறு துண்டு எடுத்துச் சோதிப்பார்கள். அந்தத் துண்டு எடுத்தால் புற்று பரவிவிடும் என்ற பேச்சில் உண்மை இல்லை.

14. சாறை விழுங்காம துப்பிட்டா ஆபத்து கம்மிதானே?

உணவுக்குழாய்க்குக் கொஞ்சம் கம்மி. விழுங்கும் சாறு போகும் வழியிலும் புற்று வருவதற்குச் சான்று இருக்கிறது. வாய்க்குப் பெரிய லாபம் இல்லை, மூன்றாவது பதிலில் சொன்னபடி வேண்டியதெல்லாம் கன்னத்தின் வழியாகவே இறங்கிவிடுகிறது. எவ்வளவு நேரம் வாயில் அடக்கி வைக்கிறீர்கள் என்பதுதான் முக்கியம். இரவு முழுக்க அடக்கிக்கொண்டு தூங்குவது எல்லாவற்றிலும் மோசம்.

15. வெறும் வெத்தலை மட்டும் மெல்லலாமா? கல்யாணம் காட்சியில எப்பவாவது ஒண்ணு?

வெறும் வெற்றிலை புற்றுநோய்க் காரணிப் பட்டியலில் இல்லை. பழக்கத்தை விடுகிறவர்கள் கைக்கும் வாய்க்கும் ஒரு வேலையாக, மிளகோ சோம்போ வைத்து வெற்றிலை மட்டும் மெல்வது சிலருக்கு உதவுகிறது. சிலருக்கு அதுவே பாக்கை ஞாபகப்படுத்திவிடுகிறது. உங்களுக்கு எது என்று இரண்டு நாளில் தெரிந்துவிடும்.

எப்போதாவது என்பது உண்மையிலேயே எப்போதாவது என்றால், வருஷத்துக்கு நாலைந்து விசேஷம் என்றால், தினமும் போடுகிறவரின் ஆபத்தோடு அதை ஒப்பிட முடியாது. ஆபத்து எண்ணிக்கையோடும் வருஷங்களோடும் சேர்ந்து ஏறுவது. ஆனால் ஒருமுறை அடிமையாகி விட்டவருக்கு இந்தச் சலுகை கிடையாது.

16. ஆஸ்துமா இருக்கு, மாத்திரையும் சாப்பிடறேன். அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. அரிக்கோலின் மூச்சுக்குழாயைச் சுருக்கும், ஆஸ்துமாக்காரர்களுக்கு இழுப்பை மோசமாக்கலாம். மனநோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் இன்னும் கவனிக்க வேண்டும். அந்த மருந்தால் வரும் கைகால் விறைப்பைத் தடுக்கக் கூடவே ஒரு மாத்திரை கொடுப்பார்கள். அந்த மாத்திரை அடக்கும் நரம்புப் பாதையையே பாக்கு தூண்டுவதால், பாக்கு அதிகம் போட்டவர்களுக்கு விறைப்பும் நடுக்கமும் கடுமையாகத் திரும்பியதாக மருத்துவப் பதிவுகள் உண்டு.

சர்க்கரை நோய், வயிற்றுச் சுற்றளவு கூடுதல் ஆகியவற்றோடும் பாக்குக்குத் தொடர்பு இருப்பதாகத் தைவான் ஆய்வுகள் சொல்கின்றன. கர்ப்பிணிகள் போட்டால் குழந்தையின் எடை குறைந்து பிறக்கிறது. மசக்கைக்கு நல்லது என்று யார் கொடுத்தாலும் வேண்டாம்.

17. நாளைக்கு பத்து தடவை போடறேன். திடீர்னு விடணுமா, குறைச்சுக் குறைச்சா?

இரண்டும் நடக்கும். சட்டென்று விடுகிறவர்களுக்கு முதல் மூன்று நாலு நாள் கஷ்டம், பிறகு படிப்படியாக இறங்கும். எட்டாவது பதிலில் சொன்ன தொந்தரவுகள்தான், உயிருக்கு ஆபத்தானது எதுவும் இல்லை. குறைத்துக் குறைத்து விடுகிறவர்கள் எண்ணிக்கையை மட்டும் குறைத்தால் மீதி வெற்றிலையில் பாக்கு பெரிதாகிவிடும். அதனால் பாக்கை அளந்துகொள்ள வேண்டும்.

பத்துப் பேர்வழி ஒருவரின் நாளை எடுத்துக்கொள்வோம். காலை ஆறரைக்கு ஒன்று, டிபனுக்குப் பின், பத்தரை டீயோடு, பன்னிரண்டுக்கு, மதியச் சாப்பாட்டுக்குப் பின், நாலு மணி டீயோடு, ஆறுக்கு, ஏழரைக்கு, இரவுச் சாப்பாட்டுக்குப் பின், படுக்கும்போது கன்னத்தில் ஒன்று. முதல் வாரம் போக வேண்டியது படுக்கும்போது அடக்குவது. அதில்தான் கேடு அதிகம், தூக்கத்தில் இருப்பதால் தவிப்பு குறைவு. கூடவே நாள் முழுவதற்குமான பாக்கைக் காலையிலேயே வெட்டி ஒரு சிறு டப்பாவில் போட்டுவிட வேண்டும், தீர்ந்தால் தீர்ந்ததுதான். இரண்டாம் வாரம் சும்மா போடும் மூன்று போகட்டும், அதாவது பன்னிரண்டு, ஆறு, ஏழரை. அவற்றுக்குப் பின்னால் சாப்பாடோ டீயோ இல்லாததால் பிடிப்பு கம்மி. மூன்றாம் வாரம் இரண்டு டீயோடு போவதை நிறுத்தி, டீ குடிக்கும் இடத்தை மாற்ற வேண்டும், அதே பெட்டிக்கடை வாசலில் நின்றால் நடக்காது. மீதி நாலு. நாலாம் வாரம் ஒரு தேதி குறித்து நாலையும் ஒன்றாக நிறுத்திவிடலாம். சாப்பாட்டுக்குப் பின் வருவதுதான் கடைசி வரை இழுக்கும். சாப்பிட்டு எழுந்ததும் வாய் கொப்பளித்து, பல் துலக்கி, சோம்போ கிராம்போ போட்டுப் பத்து நிமிடம் நடக்கச் சொல்கிறோம். தவிப்பின் ஒவ்வொரு அலையும் சில நிமிடங்களில் இறங்கிவிடும்.

செல்லமும் பாக்குவெட்டியும் அன்றைக்கே கண்ணில் படாத இடத்துக்குப் போக வேண்டும், காரணம் ஏழாவது பதிலில் இருக்கிறது. புகையிலையும் சேர்ப்பவர்கள் இரண்டையும் ஒரே நாளில் நிறுத்துவது நல்லது, புகையிலையை மட்டும் விட்டுப் பாக்கை வைத்துக்கொண்டால் அதே மடிப்பு, அதே சுண்ணாம்பு, திரும்பப் போவது சுலபம். இரண்டு மூன்று முறை முயன்றும் முடியாதவர்கள் மனநல மருத்துவரைப் பார்க்கலாம். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் பாக்கை விட உதவுகின்றன என்று தைவானில் நடந்த சோதனையில் தெரிந்தது. கடையில் நீங்களாக வாங்கிச் சாப்பிடுவதற்கு இல்லை.

18. ஏற்கனவே வாய் இறுகிடுச்சு. இனிமே விட்டு என்ன ஆகப் போகுது?

இறுகின நார் தானாகக் கரைந்து போவது அபூர்வம், அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் விட்டால் எரிச்சல் குறையும், இறுக்கம் மேலும் ஏறுவது பெரும்பாலும் நிற்கும், சிகிச்சை பிடிக்கும். பாக்கைத் தொடர்ந்துகொண்டே ஊசி போட்டுக்கொள்கிறவர்களுக்கு அந்த ஊசி வீண். கேரளத்தில் எர்ணாகுளம் மாவட்டத்தில் இந்த நோயாளிகளைப் பதினேழு வருஷம் தொடர்ந்து பார்த்ததில் 7.6 சதவீதம் பேருக்குப் புற்று வந்தது. மீதிப் பேருக்கு வரவில்லை என்பதையும் சேர்த்தே படியுங்கள், ஆனால் யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை.

சிகிச்சையில் கன்னத்துக்குள் ஊசி, பட்டை கெட்டியானவர்களுக்கு அறுவை எல்லாம் உண்டு. எதைச் செய்தாலும் வாய்ப்பயிற்சி கட்டாயம், இல்லாவிட்டால் திரும்ப இறுகும். சுத்தமான ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கி, சிரமமில்லாமல் நுழையும் எண்ணிக்கையைப் பின்பற்களுக்கு இடையில் வைத்து, நடுவில் ஒரு குச்சியை மெல்லச் செருகி, இழுவிசை தெரியும் வரை கூட்ட வேண்டும். ஒரு நிமிடம் வைத்து எடுத்து, ஒரு வேளைக்கு ஐந்து முறை, நாளைக்கு நாலைந்து வேளை. பதினாலு குச்சி நுழைந்த வாய் மாதம் ஒரு குச்சி கூடினாலும் அது முன்னேற்றம்தான். இரத்தம் வரும் அளவுக்குத் தள்ளக் கூடாது, கிழிந்த இடம் ஆறும்போது இன்னும் இறுகும். விட்டு எத்தனை வருஷம் ஆனாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாயைக் காட்டிவிட்டு வாருங்கள், போகும்போது ஸ்கேல் அளவு எழுதிய அந்தக் காலண்டர் தாளையும் எடுத்துக்கொண்டு போங்கள்.